எந்த நாளைய தொண்ணூறு?

பம்பரத்துக்கு அந்தப் பெயர் வைத்தது தெரு. சின்ன வயதில் அவனைப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர், மூன்று முறை எடுத்தும் காலி நாற்காலிதான் விழுகிறது என்று சொல்லி, கேமராவையே விற்றுவிட்டுக் காய்கறி வியாபாரத்துக்குப் போய்விட்டார். இப்போது முப்பது வயதாகிறது. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் தாளம் போடும்.

அவன் அப்பா நேர்மாறு. நெசவாளி. தறியில் உட்கார்ந்தால் கையும் காலும் மட்டும் ஓடும், மற்றதெல்லாம் கல். ஒரு தடவை அவர் தோளில் குருவி கூடு கட்ட ஆரம்பித்தது. குறுக்கே ஓடும் ஊடை நூல் தீர்ந்து அவர் எழுந்ததால்தான் பாதியில் விட்டுவிட்டுப் போனது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் வேலைப் பிரிவு இப்படி: அப்பா நெய்வார். அம்மா குஞ்சம் முடிந்து, மடித்து, கனத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, சூடு காட்டி ஒட்டுவாள். பம்பரம் அதை இணையத்தில் விற்பான். மொத்தம் முப்பத்திரண்டு சரக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு விவரக் குறிப்பு. அதை அப்பா நெய்துகொண்டே சொல்ல, மகன் நின்றுகொண்டே எழுதியது. முதல் குறிப்பு இது:

'தடித்த பருத்திப் போர்வை. நீளம் 90, அகலம் 60. அங்குலத்துக்குப் பாவிழை இருபது, ஊடை பதினெட்டு. நெருக்கி அடித்தது. நீலக் கரை.'

இன்னொரு நெசவாளி படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வான். ஆனால் இன்னொரு நெசவாளி எதற்குப் போர்வை வாங்கப்போகிறான்?

ஒரு காலை, மாணவர் விடுதி நடத்தும் ஓர் அம்மாவிடமிருந்து கேள்வி வந்தது. 'போர்வை நீளம் 90 என்று போட்டிருக்கிறீர்கள். அது எந்த நாளைய தொண்ணூறு?'

பம்பரம் படித்தான். திரும்பப் படித்தான். கைப்பேசியைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தான். பிறகு தறியறைக்கு ஓடினான்.

"அப்பா, ஒரு அம்மா கேக்குறாங்க, இந்தத் தொண்ணூறு எந்த நாளைய தொண்ணூறுன்னு."

"தொண்ணூறுக்கு ஏதுடா நாள்? அது என்ன பாலா, திரிஞ்சு போக?"

"யாரோ வெட்டியா இருக்காங்க போல" என்று சிரித்தான் பம்பரம். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. 'கட்டில் நாற்பது. போர்வை 88-க்குக் கீழே போனால் கால்பக்கம் மெத்தைக்கு அடியில் செருக முடியாது. நாளை மாலை ஐந்து மணிக்குள் தெளிவாகச் சொன்னால் நாற்பதும் உங்களிடம். இல்லையென்றால் வேறு இடம்.'

தறியில் நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூல் அன்றோடு முடிகிறது. அடுத்த பாவு ஏற்ற ஆர்டர் இல்லை. தறி காலியானால் அப்பா என்ன ஆவார் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். போன தடவை பத்து நாள் காலியாக இருந்தபோது, கை சும்மா இருக்க முடியாமல் வீட்டிலிருந்த எல்லாக் கதவையும் கழற்றி மாட்டினார். அதில் குளியலறைக் கதவு தவறிப்போய் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் விருந்தாளிகள் தட்டிவிட்டு, "யாரு உள்ள?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பம்பரம் தறியைச் சுற்றி நடந்தான். நடக்கும்போதுதான் அவனுக்கு மூளை வேலை செய்யும்.

"அப்பா, துணி சுருங்குமா?"

"சுருங்காம? தறில இழுத்துக் கட்டி வெச்சிருக்கோம். அவுத்துவிட்டா மூச்சு விடும், கொஞ்சம் குறையும். தண்ணி பட்டா இன்னும் குறையும்."

"நீங்க எப்ப அளக்கறீங்க?"

"நெய்யறப்ப."

"இழுத்துக் கட்டியிருக்கறப்பவேவா?"

"நெய்ய நெய்யத் துணி உருளைல சுத்திக்கிட்டே போகுது. அப்பவே அளந்து ஓரத்துல அடையாள நூல் வெக்கலன்னா, எங்க நிறுத்தறதுன்னு எப்படித் தெரியும்? ஒரு கோல் முப்பத்தாறு. ரெண்டரைக் கோல் தொண்ணூறு. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

பம்பரம் நகர்ந்தான். ஆக, அந்த அம்மா வெட்டியாக இல்லை. முப்பத்திரண்டு குறிப்பிலும் இருப்பது தறியில் விறைத்து நிற்கும் துணியின் அளவு. வாங்குகிறவர் கையில் அது குறையும், துவைத்தால் மேலும் குறையும். இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றியிருக்கிறோம், ஒருவர்கூடக் கேட்கவில்லை!

எவ்வளவு குறையும் என்பதைச் சோதித்துவிடுவது என்று இறங்கினான். அதைச் சரியாகவே செய்தான் என்று சொல்ல வேண்டும். கடைசிப் போர்வை முடிந்து, பாவின் வாலில் முழங்கை நீளத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஒரு துண்டு மிச்சம் நெய்யப்பட்டிருந்தது. அது தறியில் விறைப்பாக இருக்கும்போதே தன் ஸ்டீல் டேப்பை வைத்து, சரியாக இருபது அங்குல இடைவெளியில் இரண்டு சிவப்பு நூலைத் தைத்தான். அப்பா துண்டை அறுத்துக் கொடுத்தார். மேஜைமேல் இழுக்காமல் விரித்து அளந்தான். பத்தொன்பதே கால்.

"பாத்தியாமா? அறுத்த உடனே முக்கால் அங்குலம் போச்சு!"

"யாரு எடுத்தா?" என்றாள் அம்மா குஞ்சத்திலிருந்து தலை நிமிராமல்.

விடுதியில் இயந்திரத்தில் வெந்நீரில்தானே போடுவார்கள்? அதனால் கை பொறுக்காத வெந்நீரில் அலசி, மாடியில் காயப்போட்டான். காய்ந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்ததில், பாதி ஈரம் அவன் கையோடு போயிற்று. முதல் துவைப்புக்குப் பிறகு பதினெட்டு முக்கால். இரண்டாவதுக்கு அதிலும் குறைந்து பதினெட்டரைக்கு வந்தது. மூன்றாவதில் பதினெட்டே கால் சொச்சம். நான்காவது முறை போட்டும் அசையவில்லை. அங்கேயே நின்றது.

இருபதுக்குப் பதினெட்டே கால் சொச்சம் என்றால், நூற்றுக்கு எட்டு சொச்சம் போகிறது. தொண்ணூறுக்குக் கணக்குப் போட்டான். எண்பத்திரண்டரை. அந்த அம்மாவுக்கு வேண்டியது எண்பத்தெட்டு.

அலமாரியில் உறையிட்ட போர்வை ஆறு இருந்தது. அதில் ஒன்றைப் பிரித்து அளந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கணக்குத் தெரிந்தவன் உறையைப் பிரிப்பதில்லை. தவிர, ஒட்டிய உறையைப் பிரித்தால் அம்மா ஆளையும் சேர்த்துப் பிரித்துவிடுவாள்.

மாலைக்குள் முப்பத்திரண்டு குறிப்பையும் திருத்தினான். ஒரே விகிதம், எல்லாவற்றுக்கும். போர்வை எண்பத்திரண்டரை ஆயிற்று. தேன்கூட்டு நெசவுத் துவாலை அறுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. மேஜை விரிப்புக்கும் அதே வெட்டு. கீழே உருக்கமாக இரண்டு வரி சேர்த்தான்: 'இதுவரை தறியளவைத் தந்துவந்தோம். இனி உண்மையான அளவு.'

அப்பாவிடம் படித்துக் காட்டினான். அவர் காலித் தறியின் முன் கையைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு?"

"எண்பத்திரண்டரை."

"யாரு நெஞ்சது?"

"நீங்கதான்."

"நான் தொண்ணூறு நெஞ்சேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு பாக்கறேன். என்னமோ பண்ணு."

விடுதி அம்மாவுக்குப் பதில் போயிற்று. உண்மை சொன்னவனுக்குத் தூக்கம் வரும் என்பார்கள் என்று நினைத்துப் படுத்தான் பம்பரம். வந்தது, ஆனால் தூக்கத்திலும் நடந்தான்.

காலையில் கைப்பேசி அடித்தது.

"தம்பி, விடுதிலேருந்து பேசறேன். நீங்க எழுதினதப் படிச்சேன். எண்பத்திரண்டரைல நிக்கும்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்கம்மா. மறைக்கக் கூடாதில்ல. உங்களுக்கு வேணும்னா நீளமா நெஞ்சு..."

"ரொம்ப நல்ல மனசு. ஆனா பாருங்க, போன மாசம் உங்ககிட்ட ஒரு போர்வை வாங்கினேன். எங்க மெஷின்ல வெந்நீர்ல அஞ்சு தடவ போட்டாச்சு. இன்னிக்குக் காலைல அளந்தேன். தொண்ணூறு இருக்கு."

பம்பரம் நின்றான். அவன் நின்றதைக் கண்டு அம்மா பயந்துபோய், "என்னடா, உடம்புக்கு என்ன?" என்றாள்.

"இழுத்துப் பிடிச்சு அளந்திருப்பீங்கம்மா."

"தரைல விரிச்சு, இழுக்காம, நடுவுல ஒரு தடவ, ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு தடவ. குஞ்சத்தச் சேக்கல. பத்து வருஷமா நாப்பது கட்டிலுக்கு விரிப்பு வாங்கறேன் தம்பி, அளக்கத் தெரியாதா? வந்தப்ப தொண்ணூத்தினாலு இருந்துச்சு. நீங்க தொண்ணூறுன்னு போட்டிருந்தீங்க. அப்புறம் தொண்ணூத்திரண்டு, தொண்ணூத்தொண்ணு, தொண்ணூறுன்னு இறங்குச்சு. அதான் கேட்டேன், உங்க தொண்ணூறு எந்த நாளைய தொண்ணூறுன்னு. அது நின்ன பிறகான அளவுன்னா அங்கேயே நிக்கும். வந்த நாள் அளவுன்னா, அடுத்து வர்றது தொண்ணூறுலேருந்து இன்னும் இறங்கும். எனக்கு அதுதானே தெரியணும்?"

"ஆமாங்கம்மா."

"நேத்து கேட்டா, இன்னிக்கு எண்பத்திரண்டரைங்கறீங்க. என் போர்வை உங்களுக்குத் தெரியாம வளந்துருச்சா? இல்ல, எனக்குக் குடுத்தது ஒண்ணு, இனிமே குடுக்கப்போறது வேற ஒண்ணா? அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் என்னக் குத்தம் சொல்லாதீங்க."

பம்பரம் தறியறைக்குப் பாய்ந்தான். வழியில் தடுக்கக் கதவு இல்லை. அப்பா அதற்குள் அதைக் கழற்றித் தரையில் கிடத்தி, கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா! அந்தம்மாவோட போர்வை சுருங்கலயாம். தொண்ணூறுலயே நிக்குதாம்."

"பின்ன எங்க நிக்கணும்?"

"நேத்து சுருங்கும்னு சொன்னீங்களே!"

"துணி சுருங்கும். அளவு எதுக்குடா சுருங்கணும்?"

பம்பரத்தின் கால், விரல், இமை எல்லாம் ஒரே சமயத்தில் ஆடின. கண் அறையைச் சுற்றிவந்து, தறியின் குறுக்குச் சட்டத்தில் தொங்கிய கோலில் நின்றது. நுனியில் சிவப்பு பூசிய பழைய மரக்கோல். நடுவில் அரைக் கோலுக்கு ஒரு வெட்டு. பிறந்ததிலிருந்து பார்க்கிற கோல். அதன் நீளத்தை யார் அளப்பார்கள்? அளவுகோலை அளக்கிற ஆளைப் பார்த்தால் வீட்டில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள்.

டேப்பை வைத்து அளந்தான்.

"அப்பா, இது முப்பத்தொம்பதே கால்."

"உன் டேப்புல."

"உலகத்துல இருக்கற எல்லா டேப்புலயும்!"

"உலகத்துல எல்லாரும் போர்வையத் தறில ஏறியா போத்திக்கறாங்க? நான் அளக்கறது தறில. அவங்க போத்திக்கறது கட்டில்ல. நடுவுல தண்ணி இருக்கு. அந்தத் தண்ணிக்குத்தான் மூணே கால். தறில இந்தக் கோலால ரெண்டரை அளந்தா, நல்லா நாலு துவைப்பு துவைச்சப்புறம் தொண்ணூறு. நான் பொய் சொன்னேனா?"

பம்பரம் மனசுக்குள் பெருக்கினான். முப்பத்தொன்பதே காலை இரண்டரையால் பெருக்கினால் தொண்ணூற்றெட்டு சொச்சம். அதில் நூற்றுக்கு எட்டு சொச்சம் கழிந்தால் தொண்ணூறு. அவனுடைய சோதனை சரி, விகிதம் சரி, பெருக்கலும் சரி. அப்பா முன்கூட்டியே கொடுத்துவைத்திருந்த சுருக்கத்தை அவன் இன்னொரு தடவை கொடுத்துவிட்டான். குளித்துவிட்டு வந்தவனைப் பிடித்து மறுபடியும் குளிப்பாட்டிய கதை.

"இத ஏன்ப்பா சொல்லல?"

"கோல் முப்பத்தாறுன்னு சொன்னேன். எத்தனை அங்குலம்னு நீ கேக்கல."

அவருடைய முதல் சம்பாத்தியம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நெய்த ஜன்னல் திரைகள். அப்போது கடையில் வாங்கிய கோலால்தான் அளந்தார். முதல் துவைப்பில் எல்லாத் திரையும் ஜன்னலின் இடுப்புக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் அதற்குப் பாவாடை என்று பேர் வைத்து, வகுப்புக்கு வகுப்பு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றே தச்சனிடம் போய்க் கோல் செய்துகொண்டார். இதை அவர் சொன்னது திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு, அதனால் பாதிதான் கேட்டது.

"அப்ப துவாலைக்கும் இதே கோல்தானா?"

"அதெப்படி? தேன்கூட்டு நெசவு கன்னாபின்னான்னு உள்ள இழுக்கும். அதுக்கு நீலக் கோல். மேஜை விரிப்பு இறுக்க நெசவு, கொஞ்சந்தான் போகும். அதுக்கு வெள்ளக் கோல்."

"எங்க அதெல்லாம்?"

நீலக் கோல் பின்வாசலுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. நாற்பத்திரண்டு அங்குலம். வெள்ளைக் கோலைத் தேடி மாடிக்கு ஏறினான். அதில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"அத எடுக்காத, ஈரம் சொட்டுது."

"அம்மா, இது அளவுகோல்மா."

"எனக்குக் கொடிக்கோல். நெய்யறப்ப உங்கப்பா வந்து வாங்கிட்டுப் போவாரு, முடிஞ்சா திருப்பிக் குடுத்துருவாரு. உன்ன மாதிரி உருவ மாட்டாரு."

சேலையோடு சேர்த்தே அளந்தான். முப்பத்தெட்டு. ஒரே வீட்டில் மூன்று முப்பத்தாறு, மூன்றும் வேறு வேறு. மூன்றும் சரி.

மணி பன்னிரண்டு. குறிப்புகளைத் திரும்ப எழுத வேண்டும். இந்தத் தடவை கணக்கை நம்புவதாக இல்லை. அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்தான். அம்மா மேலிருந்து இறங்கி வருவதற்குள் உறையைக் கிழித்தான்.

"டேய்!"

"அளந்துட்டு நானே ஒட்டித் தரேன்மா."

"நீ ஒட்டினா உன் விரலும் உள்ளயே இருக்கும்."

தரையில் விரித்தான். கையால் நீவி மடிப்பை எடுத்தான், இழுக்கவில்லை. நடுவில் தொண்ணூற்றுநாலு. இரண்டு ஓரத்திலும் தொண்ணூற்றுநாலுக்கு ஒரு நூல் முன்னே பின்னே. விடுதி அம்மா சொன்ன அதே எண். துவாலையிலும் மேஜை விரிப்பிலும் வகைக்கு ஒன்று பிரிந்தது. அம்மா கிழிந்த உறை மூன்றையும் எண்ணி அடுக்கி வைத்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

எழுத உட்கார்ந்தான். எழுந்தான். திரும்ப உட்கார்ந்தான். முதலில் எழுதியதில் கோலின் கதை முழுக்க வந்தது, திரைப் பாவாடையோடு. அந்த அம்மாவுக்குக் கட்டில் இருக்கிறது, கதைக்கு நேரமில்லை என்று அழித்தான். அடுத்ததில் எண்கள் மட்டும் வரிசையாக நின்றன, தறியில் தொண்ணூற்றெட்டு என்பது உட்பட. தறியளவு யாருக்கு வேண்டும்? அதையும் அழித்தான். 'நெருக்கி அடித்தது' என்பதை எடுக்கலாமா என்று யோசித்து, தறியறையை ஒரு முறை சுற்றிவந்து, அதை 'குளிருக்குத் தாங்கும் கனம், ஒன்றரைக் கிலோ' என்று மாற்றினான். தராசில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினான். கடைசியில் நின்றது இது:

'தடித்த பருத்திப் போர்வை, நீலக் கரை. உங்கள் கைக்கு வரும்போது நீளம் 94 அங்குலம். வெந்நீரில் துவைக்கத் துவைக்கக் குறையும். நாலைந்து துவைப்பில் 90-க்கு வந்து அங்கேயே நிற்கும். எண்கள் எல்லாம் தரையில் விரித்து, இழுக்காமல், குஞ்சத்தைச் சேர்க்காமல் அளந்தவை. குளிருக்குத் தாங்கும் கனம், ஒன்றரைக் கிலோ.'

'இனி உண்மையான அளவு' என்ற உருக்கத்தை எடுத்துவிட்டான். விடுதி அம்மாவுக்கு ஒரு வரி தனியாக எழுதினான்: 'நேற்று எழுதியது என் தவறு. அப்பாவின் கோலில் சுருக்கம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அது தெரியாமல் நான் இன்னொரு முறை கழித்துவிட்டேன். நீங்கள் அளந்ததுதான் சரி. அடுத்து வருவதும் அப்படியே வரும்.'

நாலரை மணிக்கு அனுப்பினான். நாலு முப்பத்தொன்றுக்குப் பதில் வந்ததா என்று பார்த்தான். நாலு முப்பத்திரண்டுக்கும் பார்த்தான். அப்பா கதவை நிமிர்த்தி, அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கையில் கதவு, மறு கையில் கைப்பேசி. ஒரு காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தான், கதவும் கூடவே தாளம் போட்டது.

"ஆட்டாதடா. ஓட்டைல திருகு போகாது."

நாலு ஐம்பதுக்கு வந்தது. 'நாற்பது போடுங்கள். முதலில் போட்டிருந்த அகலம் 60 மட்டும் எந்த நாளையது?'

பம்பரம் கதவை விட்டான். அது அப்பாவின் தோளில் சாய்ந்தது. அவர் அசையவில்லை. குருவிக்கே அசையாதவர்.

"அப்பா, அகலத்துக்கு எந்தக் கோல்?"

"அகலத்துக்கு ஏதுடா கோல்? அது பாவு கோத்த சீப்பு பாத்துக்கும்."

இந்தத் தடவை பம்பரம் சீப்புக்கு ஓடவில்லை, கணக்குக்கும் ஓடவில்லை. பிரித்த போர்வை இன்னும் தரையில் கிடந்தது. மண்டி போட்டு, குறுக்கே மூன்று இடத்தில் அளந்தான். அறுபத்திரண்டே முக்கால். கையில் இருப்பது துவைக்காத போர்வை. துவைத்தது எங்கே இருக்கிறது? விடுதியில் இருக்கிறது.

எழுதினான்: 'கைக்கு வரும்போது 62¾. துவைத்த பிறகு எவ்வளவு என்று இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. உங்களிடம் இருப்பதை அளந்து சொன்னால் அதையே குறிப்பில் போட்டுவிடுகிறேன்.'

ஐந்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. '60. சரிபார்த்துவிட்டேன். நாற்பது உறுதி.'

"என்னவாம்?" என்றார் அப்பா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"அகலமும் உங்க கணக்குதானாம்."

"அந்தம்மாவுக்கு நெசவு தெரியுமோ என்னமோ. நல்லாக் கேக்குது. சரி, மறுபடி கதவப் பிடி, நாளைக்குப் பாவு ஏத்தணும்."

மறுநாள் தறியில் புதுப் பாவு ஏறியது. பம்பரம் தன் ஸ்டீல் டேப்பைத் தேடினான், காணவில்லை. மேஜையில் இல்லை, அலமாரியில் இல்லை, அம்மாவின் கொடியிலும் இல்லை. கடைசியில் தறியின் குறுக்குச் சட்டத்தில், சிவப்புக் கோலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அதன் நுனியில் மஞ்சள் வண்ணம் பூசியிருந்தது, இன்னும் காயவில்லை.

"என்னப்பா இது?"

டக், டக். ஊடை நூல் சுமந்த நாடா இரண்டு தடவை போய்த் திரும்பியது.

"கட்டில் கோல்" என்றார் அப்பா. "தொடாத, ஒட்டிக்கும்."

அதற்குள் தொட்டிருந்தான்.